யார் என்ன செய்தார்? ஆய்வுக் கட்டுரையின் பங்களிப்புக் குறிப்பில் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

பதுளை மாவட்டத் தோட்டங்களுக்கு ஆய்வாளர்கள் வந்துகொண்டே இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மக்கள்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17.3 சதவீதம். தோட்டத்துறையில் மட்டும் எடுத்தால் அது 31.7 சதவீதம். தாயின் இரத்தசோகை, பிள்ளையின் எடை, லயத்துக் குடிநீர் என்று ஒவ்வொன்றாக ஆராய்கிறார்கள். அப்படி ஓர் ஆய்வை ஒருவர் தனியாகச் செய்ய முடியாது. பேராசிரியர், பட்டப்பின்படிப்பு மாணவி, ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர், புள்ளியியலாளர், சுகாதார வைத்திய அதிகாரி, தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த நேர்காணலாளர்கள் என்று பலர் கூடித்தான் அது முடிகிறது.

இவர்களில் யார் எதைச் செய்தார் என்று சொல்வதற்கு இன்று பல ஆய்விதழ்கள் கட்டுரையின் முடிவில் ஓர் இடம் ஒதுக்குகின்றன. அதுதான் கட்டுரையாளர் பங்களிப்புக் குறிப்பு. இதற்கான யோசனையை 1997இல் டிரம்மண்ட் ரென்னியும் அவருடைய சகாக்களும் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் முன்வைத்தார்கள். பெயர்களை வரிசையாக அடுக்கினால் மட்டும் போதாது, ஒவ்வொருவரும் செய்த வேலையையும் எழுத வேண்டும் என்பது அவர்கள் வாதம். 2012இல் ஹார்வர்டில் நடந்த ஒரு பட்டறையிலிருந்து 14 பணிகளைக் கொண்ட கிரெடிட் பட்டியல் பிறந்தது. 2022இல் அது அமெரிக்கத் தேசியத் தரமாகவும் ஆனது. கட்டுரையைச் சமர்ப்பிக்கும்போது திரையில் `Conceptualization`, `Investigation` என்று தெரிவு செய்யச் சொல்வது இந்தப் பட்டியலைத்தான்.

பட்டியல் இருந்தும் குறிப்புகள் பல தடவை உண்மையைச் சொல்வதில்லை. பேராசிரியரின் பெயருக்கு எதிரே ஏழெட்டுப் பணிகள் இருக்கும். லயம் லயமாக ஏறி இறங்கியவர்கள் "தரவு சேகரித்தோருக்கு நன்றி" என்ற ஒரு வரிக்குள் பெயரில்லாமல் அடங்கிவிடுவார்கள். இதைத் தவிர்க்கும் வழியைக் காட்ட, ஓர் ஆய்வை உதாரணத்துக்காகக் கற்பனை செய்துகொள்வோம்.

உதாரண ஆய்வு

பதுளை நகரத்தை அண்டிய ஒரு தோட்டத்திலும் பண்டாரவளைப் பக்கத்து ஒரு தோட்டத்திலும் கொழுந்து பறிக்கும் பெண்களின் இரத்தசோகை பற்றிய ஆய்வு இது. பேராசிரியர் ச.வி. ஆய்வுக் கேள்வியை முன்வைத்து நிதியும் பெற்றார். மாணவி நி.ப. வினாக்கொத்தை உருவாக்கினார், பாதி நேர்காணல்களைச் செய்தார், முதல் வரைவையும் எழுதினார். தொழில்நுட்பவியலாளர் ம.தி. விரல் நுனி இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளந்தார். ர.கு. புள்ளியியல் பகுப்பாய்வைச் செய்தார். சுகாதார வைத்திய அதிகாரி அ.ஜ. வரைவைத் திருத்தினார். தோட்டத்து இளம் பட்டதாரி க.லோ. மீதி நேர்காணல்களைச் செய்தார். இவர்களைத் தவிர, வீடு வீடாகக் கூட்டிச் சென்ற தோட்ட மருத்துவமாதும், உள்ளே வர அனுமதி தந்த தோட்டத்துரையும் இருக்கிறார்கள்.

செய்ய வேண்டியவை

1. ஆய்வு தொடங்கும் நாளிலேயே பணிப் பதிவைத் தொடங்குங்கள்.

கட்டுரையைச் சமர்ப்பிக்கும் இரவில் நினைவிலிருந்து எழுதும் குறிப்பு பெரும்பாலும் பதவி வரிசையில்தான் வந்து விழும். ஒரு விரிதாள் போதும். அதில் திகதி, வேலை, செய்தவர், அதனால் ஆய்வில் என்ன மாறியது என்று நான்கு நிரல்கள் இருக்கட்டும். வினாக்கொத்தை முன்சோதனை செய்த பிறகும், தரவு சேகரிப்பு முடிந்த பிறகும், முதல் வரைவு வந்த பிறகும் குழுவாக உட்கார்ந்து அதை நிரப்புங்கள்.

நான்காவது நிரல்தான் முக்கியம். உதாரண ஆய்வின் வினாக்கொத்தில் "கடந்த மாதம் எத்தனை நாள் வேலை செய்தீர்கள்?" என்று ஒரு கேள்வி இருந்தது என்று வைத்துக்கொள்வோம். முன்சோதனையில் க.லோ. ஒரு சிக்கலைக் கவனிக்கிறார். தோட்டத்தில் வேலையைப் பேர்க் கணக்கில்தான் சொல்வார்கள். அரைப் பேர் போட்ட நாளைச் சிலர் நாளாக எண்ணுகிறார்கள், சிலர் விட்டுவிடுகிறார்கள். அவர் சொன்னதால் கேள்வி முழுப் பேர், அரைப் பேர் என்று இரண்டாகப் பிரிகிறது. வருமானக் கணக்கு முழுவதும் இந்தத் திருத்தத்தின் மேல்தான் நிற்கிறது. பதிவில் இந்த வரி இல்லாவிட்டால், ஒரு வருடம் கழித்து க.லோ. வெறும் "நேர்காணல் எடுத்தவர்" ஆகிவிடுவார்.

2. யார் கட்டுரையாளர் என்பதை முதலில் தீர்மானியுங்கள், பிறகு பணிகளைப் பிரியுங்கள்.

இவை இரண்டு வேறு கேள்விகள். கிரெடிட் பட்டியல் பணியைத்தான் விவரிக்கிறது. ஒருவர் கட்டுரையாளர் ஆவாரா என்பதை அது தீர்மானிப்பதில்லை. மருத்துவ ஆய்விதழ்களில் அதற்கு மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு வகுத்த நான்கு நிபந்தனைகளைப் பின்பற்றுகிறார்கள். ஆய்வின் கருத்துருவிலோ வடிவமைப்பிலோ, தரவு சேகரிப்பிலோ, பகுப்பாய்விலோ, விளக்கத்திலோ கணிசமான பங்கு இருக்க வேண்டும். வரைவை எழுதியிருக்க வேண்டும் அல்லது அதன் உள்ளடக்கத்தை ஆராய்ந்து திருத்தியிருக்க வேண்டும். இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தர வேண்டும். கட்டுரையின் நேர்மைக்குப் பொறுப்பேற்க வேண்டும். நான்கும் ஒருவரிடம் ஒருசேர இருக்க வேண்டும்.

தோட்டத்து நேர்காணலாளர்கள் விழுந்துபோவது இரண்டாவது நிபந்தனையில். "அவர் வரைவைத் திருத்தவில்லையே" என்பார்கள். வரைவை அவருக்கு அனுப்பினீர்களா என்பதுதான் முதலில் கேட்க வேண்டியது. முதல் நிபந்தனையை நிறைவேற்றிய எல்லாருக்கும் மற்ற நிபந்தனைகளை நிறைவேற்ற வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்று அந்தக் குழுவே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. க.லோ.வுக்கு ஆங்கில வரைவு சிரமமாக இருந்தால், முறைகள் பகுதியையும் முடிவுகள் பகுதியையும் தமிழில் அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். "இந்தத் தோட்டத்தில் அந்த மாதம் வேலை குறைந்ததற்கு நீங்கள் எழுதியிருப்பது காரணமில்லை" என்று அவர் சொல்லி ஒரு பத்தி மாறினால், அதுவும் `Writing – review & editing` பணிதான்.

3. ஒவ்வொரு பணிப் பெயருக்கும் தரப்பட்டுள்ள வரைவிலக்கணத்தை வாசித்துவிட்டுத் தெரிவு செய்யுங்கள்.

பெயரை மட்டும் பார்த்துத் தெரிவு செய்யும்போதுதான் அதிகம் பிழைக்கிறது. `Investigation` என்றால் ஆய்வை மேற்பார்ப்பது என்று நினைத்துத் தலைமை ஆய்வாளருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அதன் பொருள் பரிசோதனைகளைச் செய்வதும் தரவைத் திரட்டுவதும். லயத்து வாசலில் உட்கார்ந்து கேட்டவருக்கும் விரலில் குத்தி இரத்தம் எடுத்தவருக்கும் உரியது அது. `Data curation` என்பது திரட்டிய தரவைச் சுத்தம் செய்து, குறியிட்டு, பேணுவது. `Resources` என்பது கருவி, மாதிரி, வினைப்பொருள் போன்றவற்றை வழங்குவது. `Supervision` பொறுப்பேற்று வழிநடத்துவதற்கு உரியது. ஒருவர் திணைக்களத் தலைவராக இருப்பதாலேயே அது அவருக்குச் சேராது.

14 பணிகளையும் நிரப்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உதாரண ஆய்வில் யாரும் மென்பொருள் எழுதவில்லை, ஆகவே `Software` வேண்டாம். ஒரு பணியை இருவர் செய்திருந்தால் இருவரையும் எழுதி, யார் முதன்மையாகச் செய்தார், யார் துணை நின்றார், அல்லது இருவரும் சமமாகச் செய்தார்களா என்று குறிப்பிடுங்கள். இந்த மூன்று அளவுகளுக்கும் பட்டியலே இடம் தருகிறது.

4. முடிவை மாற்றிய தீர்மானம் யாருடையது என்று தேடிப் பாருங்கள்.

ம.தி.யின் வேலையைக் கிட்ட நின்று பார்ப்போம். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் ஒரு டெசிலீற்றருக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. ஆனால் உயரமான இடத்தில் வாழ்பவரின் உடல் இயல்பாகவே கூடுதல் ஹீமோகுளோபினை உண்டாக்கும். அதனால் அளந்த எண்ணிலிருந்து ஒரு பகுதியைக் கழித்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டலின்படி 500 முதல் 999 மீற்றர் வரை 0.4 கிராமும், 1,000 முதல் 1,499 மீற்றர் வரை 0.8 கிராமும் கழிக்க வேண்டும்.

பதுளை நகரம் 700 மீற்றருக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் இருக்கிறது. பண்டாரவளை 1,200 மீற்றருக்கு மேல். இரு தோட்டங்களிலும் ஒரு பெண்ணுக்கு 12.5 என்று கருவி காட்டுகிறது. பதுளைப் பக்கத்துப் பெண்ணுக்கு அது 12.1, இரத்தசோகை இல்லை. பண்டாரவளைப் பெண்ணுக்கு 11.7, இரத்தசோகை உண்டு. திருத்தம் செய்யாவிட்டால் இருவரையும் நலமானவர்கள் என்று எழுதியிருப்போம்.

இந்தத் திருத்தம் வேண்டும் என்று முதலில் சொன்னவர் ம.தி. என்றால், அவருக்கு `Investigation` மட்டும் கொடுப்பது தவறு. எந்த அட்டவணையை எப்படிப் பயன்படுத்துவது என்று வகுத்தது `Methodology`. அதைத் தரவில் செய்து முடித்தது ர.கு. என்றால் அது அவருடைய `Formal analysis`. குறிப்பில் இருவருக்கும் அவரவர் பங்கு தெரிய வேண்டும்.

5. பட்டியலில் இடமில்லாத வேலையை ஒரு முழு வாக்கியமாக எழுதுங்கள்.

வினாக்கொத்தை மலையகத் தமிழுக்குக் கொண்டுவருவது தோட்ட ஆய்வுகளில் பெரிய வேலை. ஒருவர் தமிழாக்க, இன்னொருவர் மூலத்தைப் பார்க்காமல் ஆங்கிலத்துக்குத் திருப்ப, இரண்டையும் ஒப்பிட்டு வேறுபாடுகளைத் தீர்க்க வேண்டும். 14 பணிகளில் இதற்கென்று ஒன்றும் இல்லை. `Writing – original draft` என்பதன் வரைவிலக்கணத்தில் மொழிபெயர்ப்பு வருகிறதுதான், ஆனால் அது கட்டுரையை எழுதுவது சார்ந்தது. வினாக்கொத்துக்கு `Methodology` ஓரளவு பொருந்தும். அதைத் தெரிவு செய்துவிட்டு, "நி.ப. வினாக்கொத்தைத் தமிழாக்கினார், க.லோ. திருப்பி மொழிபெயர்த்துச் சரிபார்த்தார்" என்று ஒரு வாக்கியத்தையும் சேருங்கள். இதழின் படிவம் தெரிவுகளை மட்டும் ஏற்றால், முறைகள் பகுதியில் அதைப் பெயரெழுத்துகளோடு எழுதலாம்.

6. பெயரெழுத்துகள் மோதுகின்றனவா என்று பாருங்கள்.

தகப்பன் பெயரை முன்னெழுத்தாக வைக்கும் நமக்கு இது அடிக்கடி நேரும். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரே குழுவில் இருவர் ஒரே எழுத்துகளுக்குள் வந்துவிடுவார்கள். சில இதழ்களின் படிவங்கள் தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, நாம் அறிந்த பெயரையே சுருக்கிவிடும். மோதல் இருந்தால் இருவருடைய பெயரையும் முழுமையாக எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொருவரும் ஓர்கிட் எண் ஒன்றைப் பெற்றுக்கொண்டால், பங்களிப்பு சரியான ஆளின் பெயரில் சேரும்.

செய்யக்கூடாதவை

1. "எல்லாரும் சமமாகப் பங்களித்தனர்" என்று எழுதி முடிக்காதீர்கள்.

சண்டை வராமல் இருக்க எழுதும் வரி இது. இருவர் உண்மையிலேயே ஒரு வேலையைப் பாதி பாதியாகச் செய்திருந்தால், அந்த வேலையின் பெயரோடு எழுதலாம். ஆறு பேர் கொண்ட குழுவில் இது பொருந்தாது. பகுப்பாய்வில் ஒரு கேள்வி எழும்போது யாரிடம் கேட்பது என்று வாசகருக்குத் தெரியாமல் போகும். புள்ளியியலே அறியாத ஒருவர் அதற்கும் பதில் சொல்ல வேண்டியவர் ஆவார்.

2. அனுமதி தந்ததற்காகத் தோட்டத்துரைக்குப் பணி ஒதுக்காதீர்கள்.

தோட்டத்துக்குள் நுழைய நிர்வாகத்தின் அனுமதி தேவை. அதனாலேயே பெயரைச் சேர்த்து நன்றிக்கடன் தீர்க்கும் ஆசை வரும். வாயிலைத் திறந்துவிட்டது `Resources` ஆகாது. அனுமதிக்கும் ஏற்பாடுகளுக்கும் நன்றியுரையில் இடம் உண்டு. நிர்வாகம் இன்னும் அதிகமாகச் செய்திருந்தால், அதாவது பங்கேற்பாளர்களைத் தானே தெரிவு செய்திருந்தாலோ பணம் கொடுத்திருந்தாலோ வரைவைப் பார்த்து மாற்றச் சொல்லியிருந்தாலோ, அதை மறைக்காமல் முறைகள் பகுதியிலும் நலமுரண் அறிக்கையிலும் எழுதுங்கள். தொழிலாளியின் உடல்நலம் பற்றிய ஆய்வில் முதலாளி எங்கே நின்றார் என்று அறிய வாசகருக்கு உரிமை உண்டு. திணைக்களத் தலைவருக்கும், நிதி பெற்றுத் தந்ததோடு நின்றுகொண்டவருக்கும் இதே நியாயம்தான்.

3. கூலி கொடுத்தோம் என்பதற்காக ஒருவரின் பங்கை அழிக்காதீர்கள்.

"நேர்காணலுக்கு நாட்கூலி கொடுத்தோம், கணக்குப் பார்த்ததற்குப் பணம் கொடுத்தோம்" என்று சொல்லி க.லோ.வையும் ர.கு.வையும் வெளியே விடுவார்கள். பேராசிரியரும் சம்பளத்துக்குத்தான் வேலை செய்கிறார். பணம் வாங்கினாரா என்பது எந்த நிபந்தனையிலும் இல்லை. பகுப்பாய்வைச் செய்தவரின் பெயர் எங்கும் வராத கட்டுரையில், எண்களுக்குப் பொறுப்பேற்க ஒருவரும் இல்லை.

அதற்காக எல்லா நேர்காணலாளரும் கட்டுரையாளர் ஆகிவிடுவதில்லை. எழுதிக் கொடுத்த கேள்விகளை இரண்டு நாள் கேட்டுவிட்டுப் போனவரை, அவர் சம்மதத்தோடு, செய்த வேலையைச் சொல்லி நன்றியுரையில் பெயரிடுவதே சரி.

4. கேட்காமல் யாருடைய பெயரையும் நன்றியுரையில் போடாதீர்கள்.

நன்றியுரையில் பெயர் வந்தால், அந்த முடிவுகளை அவரும் ஏற்கிறார் என்று வாசகர் எடுத்துக்கொள்ளக்கூடும். அதனால்தான் எழுத்துமூலச் சம்மதம் வாங்கச் சொல்கிறார்கள். தோட்டத்தில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வேலை நிலைமையைக் குறைசொல்லும் கட்டுரையில் உதவியவராக ஒரு தொழிலாளியின் பெயர் வந்தால், மறுநாள் அவர் நிற்க வேண்டியது அதே பிரட்டுக்களத்தில், அதே நிர்வாகத்தின் முன்னால். மருத்துவமாதுக்கும் மேலதிகாரிகள் இருக்கிறார்கள். முடிவுகளைத் தமிழில் விளக்கி, பெயர் வேண்டுமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் "தோட்டச் சுகாதாரப் பணியாளர் ஒருவர்" என்று எழுதி, அவர் செய்த வேலையை மட்டும் சொல்லுங்கள். தோட்டத்தின் பெயரை மறைத்த கட்டுரையில், நன்றியுரை வழியாக அது வெளிப்பட்டுவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

5. ஒருவரே எல்லாருக்காகவும் தெரிவுகளைச் செய்து அனுப்பிவிடாதீர்கள்.

சமர்ப்பிக்கும் படிவத்தை நிரப்புவது தொடர்புக்குரிய கட்டுரையாளர் ஒருவர்தான். அவர் நினைத்ததே குறிப்பாகிவிடும். முதலில் ஒவ்வொருவரும் தமக்குரிய பணிகளைத் தாமே எழுதி அனுப்பட்டும். பிறகு பணிப் பதிவோடு ஒப்பிட்டு, முழுக் குறிப்பையும் எல்லாருக்கும் அனுப்பி, ஒவ்வொருவரிடமிருந்தும் தனித்தனிப் பதில் வாங்குங்கள். மௌனத்தைச் சம்மதமாக எடுக்க வேண்டாம். மேற்பார்வையாளருக்கு எதிராக மாணவி குழுவின் முன்னால் பேசமாட்டார். மீளாய்வுக்குப் பிறகு புதிய பகுப்பாய்வு சேர்ந்தாலோ ஒருவர் விலகினாலோ, குறிப்பையும் திருத்தி மறுபடி சுற்றுக்கு விடுங்கள்.

முன்னும் பின்னும்

உதாரண ஆய்வுக்கு வழக்கமாக எழுதப்படும் குறிப்பு இப்படி இருக்கும்:

> ச.வி. ஆய்வைத் திட்டமிட்டு, நிதி பெற்று, மேற்பார்வை செய்தார். நி.ப., ம.தி. தரவு சேகரித்தனர். ர.கு., அ.ஜ. உதவினர். அனைவரும் கட்டுரையை வாசித்து ஏற்றுக்கொண்டனர்.

இதில் க.லோ. இல்லை. "உதவினர்" என்ற ஒரே சொல்லுக்குள் பகுப்பாய்வும் திருத்தமும் மறைந்துவிட்டன. முதல் வரைவை யார் எழுதினார் என்றே தெரியவில்லை. பணிப் பதிவை வைத்து, க.லோ. வரைவைத் திருத்தி ஒப்புதலும் பொறுப்பும் ஏற்ற பிறகு எழுதினால் இப்படி வரும்:

> ச.வி.: `Conceptualization`, `Funding acquisition`, `Supervision`. நி.ப.: `Methodology` (முதன்மை), `Investigation` (க.லோ.வுடன் சமம்), `Data curation`, `Writing – original draft`. க.லோ.: `Investigation` (நி.ப.வுடன் சமம்), `Methodology` (துணை), `Writing – review & editing`. ம.தி.: `Investigation` (ஹீமோகுளோபின் அளவீடு), `Methodology` (உயரத்துக்கான திருத்தம்), `Writing – review & editing`. ர.கு.: `Formal analysis`, `Visualization`, `Writing – review & editing`. அ.ஜ.: `Conceptualization` (துணை), `Writing – review & editing`. வினாக்கொத்தை நி.ப. தமிழாக்கினார், க.லோ. திருப்பி மொழிபெயர்த்துச் சரிபார்த்தார். வேலைநாள் பற்றிய கேள்வியை க.லோ. திருத்தியமைத்தார். அனைவரும் இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் அளித்து, அதற்குப் பொறுப்பேற்கின்றனர்.

ச.வி.க்கு எதிரே `Writing – review & editing` இல்லை என்பதைக் கவனியுங்கள். அவர் வரைவை இன்னும் திருத்தவில்லை என்றால் இரண்டாவது நிபந்தனையை அவரும் நிறைவேற்றவில்லை. அவரிடம் வரைவைக் கொடுத்துத் திருத்தம் வாங்கிய பிறகே அவர் பெயர் கட்டுரையாளர் வரிசையில் இருக்கலாம். க.லோ.விடம் கேட்ட அதே நிபந்தனையைப் பேராசிரியரிடமும் கேட்க வேண்டும்.

அனுப்புவதற்கு முன் கடைசியாக ஒரு சோதனை செய்யுங்கள். கட்டுரையின் முறைகள் பகுதியை எடுத்து, அதில் செய்ததாகச் சொல்லப்படும் ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் செய்தவரின் எழுத்துகளைப் பென்சிலால் குறியுங்கள். பெயரில்லாமல் ஒரு வேலை மிஞ்சினால் யாரோ விடுபட்டிருக்கிறார். ஒரு வேலையிலும் வராத பெயர் கட்டுரையாளர் வரிசையில் இருந்தால், வரைவு எழுதியதிலோ ஆய்வைத் திட்டமிட்டதிலோ அவருக்கு உண்மையான பங்கு இருந்ததா என்று அவரிடமே கேளுங்கள். இரண்டுக்கும் விடை கிடைக்கும்வரை சமர்ப்பிக்காதீர்கள்.